இமெல்டா விட்டுவிட்ட வேலைநீக்கம்

பியர்பொன்ட்ஸ் பகுதியில் யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் கோவிற்சனம் இமெல்டாவைத்தான் தேடும். ஆள் செத்துப்போயிருந்தாலும் "வருத்தம் கொஞ்சம் கடுமையாம்" என்று தொடங்கி, ஒரு தேத்தண்ணி குடிக்கவைத்துத்தான் மெல்ல மெல்ல அவள் விசயத்துக்கு வருவாள். மனது அப்படி. அந்த மனதோடுதான், தான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் களஞ்சியசாலையில், மனிதவளப் பிரிவின் விதிக்கையேட்டைத் தமிழாக்கவும் உட்கார்ந்தாள்.

விடுமுறை, பாதுகாப்புச் சப்பாத்து எல்லாம் சுகமாகப் போயின. ஒழுங்கு நடவடிக்கைப் பகுதியில்தான் கை நின்றது. அறிவிக்காமல் தொடர்ந்து மூன்று வேலைநாள்கள் வராதவர் மீது வேலைநீக்கம் வரையிலான நடவடிக்கை எடுக்கப்படலாம் என்று பிரெஞ்சு மூலத்தில் இருந்தது. பொதிகட்டும் அண்ணைமாரின் முகங்கள் கண்ணுக்குள் வந்தன. "நிர்வாகம் அவருடன் கதைத்துத் தகுந்த முடிவெடுக்கும்" என்று எழுதிவிட்டாள்.

அச்சுக்குப் போகுமுன் தொழிலாளி ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது அலுவலக ஒழுங்கு. சிவராசா வாசித்தார். பொதிகட்டும் பகுதியில் மூத்தவர், கலியாணவீடென்றால் பைத்தியம். வாசித்து முடித்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல புத்தகம், தங்கச்சி. ரொறன்ரோவில மருமோளின்ர கலியாணம். லீவு கேட்டா உவங்கள் தரமாட்டாங்கள். சொல்லாமக் கொள்ளாம அந்தக் கிழமை முழுக்க நிண்டிட்டு வரலாம் போல. வந்தாப்பிறகு கதைக்கத்தானே போறாங்கள்!"

இமெல்டா கையேட்டை அவரிடமிருந்து வாங்கிப் புரட்டினாள். முதற்பக்கத்தில், இரு மொழிப் பிரதிகளும் முரண்பட்டால் பிரெஞ்சுப் பிரதியே செல்லும் என்றிருந்தது. அவளுடைய இரக்கத்தை நம்பிப் போனால் மனுசன் வேலையைத் தொலைத்துவிட்டு நிற்பார்.

"அண்ணை, பிழை விட்டிட்டன். பொறுங்கோ."

அங்கேயே திருத்தினாள். "வேலைநீக்கம்" என்ற சொல்லை முழுசாகப் போட்டாள். பயத்தில் "நீக்கப்படுவார்" என்று எழுதப்போய், அது மூலத்தைவிடக் கடுமை என்று அழித்து, "வேலைநீக்கம் வரையிலான நடவடிக்கை எடுக்கப்படலாம்" என்று உள்ளதை உள்ளபடி வைத்தாள். பிறகு முழுப் பகுதியையும் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டாள். இன்னும் இரண்டு இடங்களில் தண்டனையைத் தேனில் குழைத்திருந்தது தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

சிவராசா திருத்தியதை வாசித்தார். முகம் கறுத்தது.

"இப்பிடியே எழுதுறது? எங்கட ஆள் எண்டு பாத்தன்."

"எங்கட ஆள் எண்டபடியாத்தான் அண்ணை."

அவர் விறுக்கென்று எழுந்து போனார். மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, கலியாண நாளான திங்கட்கிழமைக்கு மட்டும் ஒரேயொரு நாள் லீவுதான் கிடைத்ததாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை சிவராசா பொதிகட்டும் மேசையில் வேலை உடுப்போடு நின்று, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக அவளைத் திட்டினார். விருந்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தாராம், எல்லாம் இவளாலதானாம். எவ்வளவு திட்டினாலும் கேட்கலாம் போல இமெல்டாவுக்கு இருந்தது. மனுசன் வேலையில் நின்றுதானே திட்டுகிறார்.