அரையாண்டுத் தேர்ச்சிக் குறிப்பு

ஐந்து வரிக்கு மேல் எதையும் எங்கள் தலைமையாசிரியர் படிக்கமாட்டார். எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, விழுக்காடு என்ன, முதல் மூன்று பேர் யார், பின்தங்கிய பாடம் எது. ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் இந்த ஐந்தையும் அரைத்தாளில் எழுதி அவர் மேசையில் வைப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்பாசிரியை நான், கணக்கும் நானே. பின்தங்கிய பாடம் என்ற இடத்தில் வருஷா வருஷம் என் பாடத்தை என் கையாலேயே எழுதுவேன். அதற்கு மானம் ரோஷம் எல்லாம் பார்த்தால் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்க முடியாது.

அந்த அரையாண்டில் இருபத்தைந்து பேரில் பத்தொன்பது பேர் தேறினார்கள். எழுபத்தாறு விழுக்காடு. தேறாத ஆறு பேரில் ஐந்து பேர் கணக்கில் போனவர்கள். ஆறாவது, காலாண்டில் முதலாவதாக வந்த பெண்.

கணக்குத் தேர்வன்று அவள் வரவில்லை. பருத்தி எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்த அவள் அம்மா, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனாள். தேர்வு நடந்த காலையில்தான் அடக்கம். மற்ற நான்கு பாடங்களை முன்பும் பின்பும் எழுதிவிட்டாள். நான்கிலும் சேர்த்து முந்நூற்று ஐம்பத்திரண்டு. ஐந்தும் எழுதி மூன்றாவதாக வந்தவன் வாங்கியதே முந்நூற்று நாற்பத்தொன்றுதான். ஆனால் ஒரு பாடத்துக்கு வராவிட்டாலும் தேறாதவர் பட்டியல்தான். தேறாதவருக்கு ரேங்க் கிடையாது.

"அப்பா சொல்லிட்டாருங்க டீச்சர். ரேங்க் வந்தா படின்னுட்டாரு. இல்லன்னா மில்லுக்குத்தானாம்" என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். அழவில்லை. அன்று பள்ளி விட்டதும் உட்கார வைத்து வேறொரு வினாத்தாளைக் கொடுத்தேன். தொண்ணூற்றொன்று எடுத்தாள்.

அதனால் அந்த முறை குறிப்பில் ஆறாவதாக ஒரு வரி சேர்த்தேன்: தாய் இறந்ததால் ஒரு மாணவி கணக்கு எழுதவில்லை, மறுதேர்வு வைத்தால் முதலிடம் அவளுக்கே.

தலைமையாசிரியர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். கெட்டவர் இல்லை. கல்வி அதிகாரி மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களே என்று பயந்து பயந்தே காலம் தள்ளியவர்.

"பொது வினாத்தாள் டீச்சர். மார்க்கை ஆன்லைன்ல ஏத்தியாச்சு. ஒருத்திக்கு மாத்துனா நாளைக்கு ஆறு பேரும் வந்து நிப்பாங்க."

"மத்த அஞ்சு பேருக்கும் அம்மா இருக்கு சார்" என்றேன். சுள்ளென்றுதான் சொன்னேன். அவர் ஐந்து வரியோடு திருத்தி எழுதித் தரச் சொன்னார்.

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மூன்று பெயர்களைப் படித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் வரிசையில் நின்று தட்டினாள். நான் அவளைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டிய அவள் அப்பா நேரிலேயே வந்தார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. டி.சி. கேட்டார்.

"பெயில் இல்லைங்க. அன்னைக்கு அவ வரல, அவ்வளவுதான்" என்றேன்.

"வரலன்னா வரலன்னு போட வேண்டியதுதானங்க. பெயிலுன்னு ஏன் போட்டீங்க?"

தொண்ணூற்றொன்று எடுத்த தாளை எடுத்துக் காட்டினேன். அதைத் தொடாமலே பார்த்துவிட்டு, "இது அட்டையில வருமாங்க?" என்று கேட்டார். வராது என்றேன்.

"அவ அம்மா இருந்தா சண்ட கட்டியாவது படிக்க வச்சிருக்கும். நான் லாரியில போறவன். வூட்ல சின்னது வேற இருக்கு. அதை எங்க அக்கா பாத்துக்கிறேன்னுது, இவ மில்லுக்குப் போனா" என்றார். வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். "ரேங்க்னு ஒரு பேச்சு இருந்திருந்தா அக்காகிட்ட நானும் வாயைத் தொறந்திருப்பேன்."

இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். இரண்டாம் முறை அவள் அங்கே இல்லை.

ஆண்டுத் தேர்வு முடிந்து குறிப்பை வைத்தபோது தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. "எழுபத்தொம்பது! மூணு ஏறியிருக்கே. என்ன டீச்சர் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார். அதே பத்தொம்பது பேருதான் பாஸ். இப்ப இருபத்தஞ்சுக்கு இல்ல, இருபத்துநாலுக்கு."

அவர் விழுக்காட்டின் கீழே கோடு போட்டு, கையெழுத்திட்டார்.