ஒன்பது கையெழுத்து

பூதலூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் பதினோரு வருடமாகச் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிறவள் செந்தாமரை. ஆயுத பூஜையன்று மிஷினை ஓட்டும் பெல்ட்டின் இரும்பு மூடியைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி ரூமில் சாத்தினார்கள். அது அங்கேயே சாமியாகிவிட்டது.

"பொட்டு வச்சதப் போயி அழுக்குல மாட்டுறதா? மாட்டுனா அடைப்பு எடுக்கவும் லேட்டாவுது" என்றார் சூப்பர்வைசர் நாகேஸ்வரன். பெல்ட் திறந்தபடியே ஓடியது.

தை மாதம், கூட்டிக்கொண்டிருந்த காத்தாயியின் முந்தானையை பெல்ட் இழுத்தது. செந்தாமரை ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். பாதிப் புடவை போயிற்று, கை தப்பியது. நாகேஸ்வரன் பதிவேட்டில் 'புடவை கிழிந்தது, சொந்த விஷயம்' என்று எழுதினார். வாசல் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள் 118' அப்படியே நின்றது. நூற்றைம்பது ஆனால் எல்லோருக்கும் இனிப்பு.

புகார் எழுதிப் போடலாம் என்று நினைத்தாள் செந்தாமரை. ஆனால் புகார்ப் பெட்டியின் சாவி நாகேஸ்வரனிடம். போன வருடம் ஒருத்தி எழுதிப் போட்டாள். எழுத்தை வைத்தே கண்டுபிடித்து மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஆகவே கூட்டுகிற ஒன்பது பெண்களும் ஒரே தாளில் ஆளுக்கொரு வார்த்தை எழுதிப் பெட்டியில் போட்டார்கள்: 'பெல்ட்டுக்கு மூடி இல்லை. மூடி சாமி ரூமில் இருக்கிறது. தயவுசெய்து மாட்டவும்.'

நாகேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு ஒன்பது பேரையும் வரிசையாக உட்காரவைத்து, அதே கடிதத்தை முழுதாக எழுதிக் கீழே பெயரும் தேதியும் போடச் சொன்னார். ஒத்துப் பார்த்தால் ஒவ்வொருத்தியும் ஒரு வார்த்தைக்கு மட்டும் பொருந்தினாள். மனுஷனுக்குத் தலை சுற்றிவிட்டது.

"எல்லாத்தையும் உமி அடுப்புல போடு" என்று காகிதக் கட்டைச் செந்தாமரையிடம் நீட்டினார்.

அடுப்படிக்குப் போனவள் நின்றாள். பெயரும் தேதியும் போட்ட ஒன்பது புகார், அவரே கேட்டு வாங்கியது!

மற்றவர்களிடம் போனாள். "இதுல நம்ம பேரு இருக்கு. தஞ்சாவூர்ல பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அனுப்பட்டுமா?"

முதலில் காத்தாயிதான், "அனுப்புக்கா" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பதிவுத் தபாலில் போனது.

மறுவாரம் சொல்லாமல் வந்த இன்ஸ்பெக்டர் நேரே பெல்ட்டிடம் போனார். அப்புறம் சாமி ரூமுக்கு. மூடியை மாட்டும்வரை மிஷின் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பதிவேட்டைப் புரட்டி, காத்தாயியின் புடவையையும் விபத்துக் கணக்கில் சேர்க்கச் சொன்னார்.

"புகார் கொடுத்தது யாரு சார்?" என்று நாகேஸ்வரன் குழைந்தார்.

"அத நாங்க சொல்றதில்லங்க."

குங்குமம் அழியாமலே மூடி ஏறியது.

மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாகவே கேட்டுக்கு வந்தார்கள். நாகேஸ்வரன் ஒன்பது முகங்களையும் பார்த்தார். வெளியே ரோடு வரை நெல் லாரிகள் நின்றன. ஒருத்தியை நிறுத்துவதென்றால் எந்த ஒருத்தியை? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் வருகை போட்டார். பலகையில் சைபர் எழுதினார்.

"போச்சா? இனிப்பு கெடையாது!"

காத்தாயி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

"பரவால்ல சார். எப்ப குடுத்தாலும் வாங்கிக்கக் கை இருக்கு."