அம்மாவின் சப்பாத்தில் தேய்ந்த இடம்

அம்மா ஆறு கிழமைகளாக, அதாவது ஒன்றரை மாதமாக, சின்னம்மா வீட்டுக்குப் போகவில்லை. சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி, பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பின்னேரமானால் அம்மா போய் அவருக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, ஊர்க்கதையெல்லாம் கதைத்து முடித்துவிட்டுத்தான் வருவார். கிணற்றடியில் செருப்பு வழுக்கி விழுந்ததோடு அது நின்றுபோனது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பயம்தான் போகவில்லை. சின்னம்மாவின் தலை இப்போது சிக்குப் பிடித்துக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மா ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த நாளே யாழ்ப்பாணம் டவுனுக்கு பஸ் ஏறினேன். கடையில் இருந்ததிலேயே தடித்த ரப்பர் அடியும் ஆழமான வெட்டுகளும் உள்ள சப்பாத்தாகப் பார்த்து வாங்கினேன். மழை வெள்ளத்தில் நடந்தாலும் வழுக்காது என்றார் கடைக்காரர். அம்மாவால் கனநேரம் குனிந்திருந்து முடிச்சுப் போட முடியாது என்பதால் நாடா இல்லாமல், ஒட்டுப்பட்டி வைத்ததாகவும் பார்த்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்ற பெருமையோடு வீடு வந்தேன்.

“பாரமாக் கிடக்கு பிள்ளை,” என்றார் அம்மா.

“போடப் போடப் பழகியிடும்.”

பழகவில்லை. முற்றத்துச் சீமெந்தில் நடக்கப் பழக்கினேன். பத்து அடி வைப்பதற்குள் இரண்டு தடவை முன்னால் சரிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் பிடித்தேன்.

“காலைத் தூக்கி வையுங்கோ அம்மா!”

“தூக்கித்தானே வைக்கிறன்.”

இரண்டு கிழமை இதே சண்டை. ஒருநாள், “வேணுமெண்டு செய்யிறியளோ?” என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா பட்டியைக் கழற்றினார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அப்பா முப்பது வருடம் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஓட்டியவர். ஒரு காலை, அந்தச் சப்பாத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, அடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இஞ்சை வா பிள்ளை. இதைப் பார்.”

குதிகால் பக்கம் வாங்கின அன்று இருந்தது போலவே இருந்தது. முனை மட்டும் உரஞ்சித் தேய்ந்திருந்தது.

“விழுந்ததிலை இருந்து கொம்மா காலைத் தூக்கிறேல்லை. பயத்திலை இழுத்து இழுத்து நடக்கிறா. இது தரையைக் கவ்விப் பிடிக்குது. சறுக்காதுதான், ஆனால் தடக்கி விழுத்தும். பாரம் வேறை.”

அம்மா ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. பிழை முழுக்க நான் வாங்கியதில் இருந்தது. குசினிக்குப் போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி சரி, தேங்காயைத் துருவு,” என்றார்.

இந்தமுறை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். பின்னேரம்தான் கால் வீங்கியிருக்கும், அந்த நேரம் போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக வரும் என்று அம்மாவே சொன்னார். அப்பா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொரு சப்பாத்தாகக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தார், அடியை அமத்தினார், வளைத்தார். கடைசியில் தெரிந்தெடுத்தது மெல்லிய, ஆனால் அமத்தினால் புதையாத அடி. வெட்டுகள் ஆழமில்லை. முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தது. குதியை மூடிப் பிடித்தது. அகலமான ஒரே பட்டி. அதைத் திறந்தால் சப்பாத்தின் வாய் முழுக்க விரிந்தது. அம்மா தானே கால் நுழைத்து, தானே ஒட்டினார். கடையின் மாபிள் தரையில் ஒரு சுற்று நடந்தார். கால் இழுபட்டது, ஆனால் எங்கும் தடக்கவில்லை.

“காலிலை ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு.”

மறுநாள் பின்னேரம் வாசலில் கதிரை போட்டு, அதில் இருந்தபடி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அம்மா வெளிக்கிட்டார். “பின்னாலை வா. பிடிக்காதை,” என்பது கட்டளை. நாலு வீடு தாண்டக் கால் மணித்தியாலம் எடுத்தது. சின்னம்மா வீட்டுப் படியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டுமே, ஒற்றைக் காலில் எப்படி நிற்பார் என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன். படியடியில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று இருந்தது. காலையிலேயே அப்பா கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

சின்னம்மாவின் சிக்கெடுக்க ஒரு மணித்தியாலம் ஆனது. இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு யாரையோ நொட்டை சொல்லிச் சிரித்தார்கள்.

திரும்பி வந்ததும் அம்மா வாசல் கதிரையில் இருந்தபடியே அப்பாவின் ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

“முப்பது வரியம் பஸ் ஓடின மனிசன்ரை டயரைப் பார். போன மாதம் கோயில் வீதியிலை விழுந்தவர். உன்னட்டைச் சொல்ல வேண்டாமெண்டவர்.”

“ஏன்?”

“நீ ஏசுவாய் எண்டுதான்.”

அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். போய் அவர் காலடியில் குந்தினேன்.

“உங்களுக்கு என்ன சைஸ் அப்பா?”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

“ஏழு. ஆனால் பின்னேரமாப் போவம் பிள்ளை.”