முப்பத்தொன்றரை ரூபாய்

எண்பத்தொன்றாம் வருஷம் மார்ச் கடைசியில், அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி ஆபீசில் முப்பத்தொன்றரை ரூபாய் குறைந்தது. சில்லறைச் செலவுக்கென்று மாதத் தொடக்கத்தில் ஐந்நூறு ரூபாய் பெட்டியில் வைப்பார்கள். புத்தகப்படி செலவு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு. பெட்டியில் எண்பத்தேழு அறுபத்தைந்து இருக்க வேண்டும். இருந்ததோ ஐம்பத்தாறு பதினைந்து.

மேனேஜர் ராசாங்கம் ரொம்ப யோசிக்கவில்லை. கடைக்கும் தபாலுக்கும் ஓடுகிற பியூன் அரியமுத்துவின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டார். அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கணக்கு எழுதுகிற பஞ்சவர்ணத்துக்கு மனசு ஒப்பவில்லை. செந்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். முதுகு வலி, வீட்டில் காய்ச்சலோடு மாமியார். ஆனாலும் மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு வவுச்சர் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கூட்டினாள். நானூற்று முப்பத்தொன்பது முப்பத்தைந்து. புத்தகத்தைவிட இருபத்தேழு அதிகம்.

இருபத்தேழு ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். ஒரு தொகையில் இரண்டு இலக்கங்கள் முன்பின்னாக மாறியிருந்தால் இப்படித்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் வவுச்சரோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பென்சிலால் குறியிட்டு வந்தாள். பதினாறாம் தேதி, தார்ப்பாய் தைத்த கூலி. வவுச்சரில் அறுபத்து மூன்று, புத்தகத்தில் முப்பத்தாறு. அவள் கையெழுத்துதான்.

மீதி நாலரை ரூபாய். அதற்குச் சீட்டே இல்லை. பெட்டியை எப்போதும் அவள்தான் திறப்பாள்; பன்னிரண்டாம் தேதி மட்டும் அவள் லீவு. பெட்டிச் சாவி அன்றைக்கு மேனேஜரிடம் இருந்தது.

அரியமுத்துவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள். திருமானூருக்குக் கடுதாசி கொண்டுபோனதாகச் சொன்னார். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நாலரை ரூபாய், மேனேஜர் கையாலேயே எடுத்துக் கொடுத்தாராம்.

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"அவுரு மறந்துட்டாருன்னு அவுரு மூஞ்சிக்கு நேரா எப்புடிம்மா சொல்றது?"

புத்தகத்தோடு மேனேஜர் மேஜைக்குப் போனாள். இருபத்தேழு தன் தப்பு என்று முதலில் சொன்னாள். பிறகு, "பன்னெண்டாந்தேதி அரியமுத்தண்ணனுக்கு நாலரை ரூபா கொடுத்தீங்களா சார்? சீட்டு மட்டும் இல்ல," என்றாள்.

ராசாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. வவுச்சர் தாள் ஒன்றை இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரியமுத்துவின் கையெழுத்தையும் வாங்கச் சொன்னார். இருபத்தேழு ரூபாய் தவற்றுக்கு அவளுக்கு ஒரு மெமோ வரும் என்றும் சொன்னார். வந்தது.

முப்பத்தாறை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் அடித்து, மேலே அறுபத்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். நாலரையைத் தனி வரியில் ஏற்றினாள். புத்தகமும் பெட்டியும் ஐம்பத்தாறு பதினைந்தில் நின்றன. அரியமுத்துவுக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. அன்றைக்கு அவளுக்கு ஐந்தேகால் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை ஸ்டாண்டில் உட்கார இடம் தேடி, கிடைக்காமல், நின்றுகொண்டே இருந்தாள்.