நாலாவது வரியில் கேட்டது

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நாலுவரி அக்கா என்றுதான் பெயர். வீட்டில் ஆளுக்கொரு எண் அழுத்தித் திறக்கும், திறந்தது யார் எண் என்று போனில் காட்டும் மின்பூட்டு செய்யும் கம்பெனி எங்களுடையது. வாடிக்கையாளர்கள் பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்க்கும் கடிதங்களை அக்கா நாலே வரியில் சுருக்கித் தருவார். என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, என்ன இழப்பு, என்ன வேண்டும். எங்களைப் போன்ற டெக்னீஷியன்கள் அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் வேலை செய்வோம். முழுக் கடிதத்தையும் படிக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

முதல் மூன்று வரி யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பார் அக்கா. நாலாவதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஆள் கேட்டதை விட்டுவிட்டு, நம்மால் கொடுக்க முடிந்ததை எழுதிவிடுவார்கள். வீட்டிலும் இதே கதைதான். கணவர் சுற்றி வளைத்து எதையாவது ஆரம்பித்தால், "நாலாவது வரிக்கு வாங்க" என்று அதட்டுவாராம். பாவம் மனுஷன்.

அன்று வந்த கடிதம் ஒரு தையல்காரம்மாவுடையது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு என் திரைக்கு அனுப்பினார்.

"பிரச்சினை: வாசல் பூட்டு இறந்துபோன கணவரின் எண்ணால் திறக்கிறது. காலம்: கணவர் இறந்தது போன மாதம், காரியம் முடிந்த மறுநாள் முதல் தினமும் பிற்பகலில். இழப்பு: அளவு கொடுக்க வந்த பெண்கள் பயந்து வருவதில்லை, பாதி தைத்த துணிகளையும் வாங்கிப் போய்விட்டார்கள். எதிர்பார்ப்பு: கதவு ஐந்து நொடியில் தானாகப் பூட்டிக்கொள்கிறது, கணவருக்குக் கால் சரியில்லை, அதற்குள் உள்ளே வர முடியவில்லை, நேரத்தைக் கூட்டித் தர வேண்டும்."

பூட்டின் பதிவை இணையம் வழியாக எடுத்துப் பார்த்தேன். பேட்டரி சரி, மோட்டார் சரி, பட்டன்களும் சரி. ஒவ்வொரு நாளும் யாரோ வெளியே நின்று அந்த எண்ணைப் பிழையில்லாமல் அழுத்தியிருந்தார்கள். ஒருநாள்கூடத் தடுமாறவில்லை.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "செத்தவர் நம்பரை அழிச்சு விடுப்பா. அத்தோட முடிஞ்சது."

"அவங்க அதைக் கேக்கலையே சார்" என்றார் அக்கா.

"கேக்கறதையெல்லாம் செய்ய நாம என்ன சாமியா?"

"அழிச்சா அந்தம்மா உடைஞ்சு போயிடுவாங்க. அது அவங்க பூட்டு, அவங்க வீடு. நான் பேசிட்டுச் சொல்றேன்."

அக்கா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். தன்மையாக எடுத்துச் சொன்னார்: "அம்மா, அந்த நம்பர் தெரிஞ்ச ஆள் யாராவது வந்து திறக்கலாம். அழிச்சுட்டா உங்களுக்குத்தான் நல்லது."

"யாருக்கும்மா தெரியும்? அவரு என்கிட்டயே சொன்னதில்ல. தினம் திறக்குது, நான் எழுந்து போறதுக்குள்ள பூட்டிக்குது. போய்த் திறந்து பாத்தா யாரும் இல்ல. அவரு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போறாரேன்னு வயிறு எரியுதும்மா. கொஞ்ச நேரம் கூட்டிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செஞ்சு குடு தம்பி" என்றார். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. இருந்தாலும் பூட்டின் சொந்தக்காரியுடைய சம்மதம் பதிவாகியிருக்கிறது. மறுக்க நான் யார்? ஐந்து நொடியை ஒரு நிமிடமாக மாற்றினேன்.

மறுநாள் பிற்பகல் இருவரும் சாப்பிடக்கூடப் போகாமல் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதிவு வந்தது. கணவரின் எண், கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பதிவு: உள்ளிருந்து தாழிடப்பட்டது.

"தம்பி, உள்ள வந்துட்டாரு" என்றார் அக்கா. அவர் முகத்தில் பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. எனக்கு வெறும் பயம்தான். உடனே ஸ்பீக்கரில் போன் போட்டார். நெடுநேரம் அடித்தபின் தையல்காரம்மா எடுத்தார்.

"அம்மா, வந்துட்டாரா?"

ரகசியம் பேசுவதுபோல் அவர் குரல் வந்தது: "வந்தாச்சும்மா. ஆனா இது என் வீட்டுக்காரர் இல்ல."

"வெளிய ஓடி வாங்கம்மா!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் போலீசுக்குப் போன் போடத் தன் அறைக்கு ஓடினார். அக்காவுக்கு வாயில் வேறெதுவும் வரவில்லை போலிருக்கிறது, இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்விதான் வந்தது. "நாங்க இப்ப என்ன செய்யணும்மா? சொல்லுங்கம்மா."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், பதற்றமே இல்லாமல், மரியாதையாகப் பேசியது.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். புகாரை முடிச்சிடுங்க."