எனக்குக் கீழே வந்த மேலதிகாரி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கடையில் மாதிரி அறைக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். மூட்டைகளில் குத்தூசி விட்டு எடுக்கும் மிளகு, ஏலக்காய், சுக்கு எல்லாம் எங்கள் அறைக்குத்தான் வரும். ஈரம் பார்ப்போம், லிட்டருக்கு எவ்வளவு எடை நிற்கிறதென்று பார்ப்போம், சொத்தையும் தூசியும் பிரிப்போம். நான் படித்தது டிப்ளமா. அறைக்கு ஓர் உதவியாளர் வேண்டுமென்று முதலாளி விளம்பரம் கொடுத்தபோது, என்னைவிடச் சின்னப் பெண் யாராவது வருவாள் என்று நினைத்திருந்தேன்.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உணவு வேதியியலில் முதுகலை. களமசேரியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவராக இருந்தவர். அந்தத் துறையில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை எங்கள் கடை, கிடங்கு எல்லாம் சேர்த்தாலும் வராது.

முதலாளியின் குடும்பம் பல தலைமுறைக்கு முன் கொச்சியில் குடியேறிய தமிழ் வியாபாரக் குடும்பம். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் பேசுவார். விண்ணப்பத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"மேடம், விளம்பரத்த சரிக்குப் பாத்தீங்கல்லே? இது அசிஸ்டென்ட் போஸ்ட்டாக்கும்."

"பாத்துட்டுத்தான் வந்தேன் சார். எனக்குச் சின்ன வேலை, பெரிய வேலைன்னு வித்தியாசம் கெடையாது. எந்த வேலை குடுத்தாலும் செய்வேன்."

முதலாளி பேனாவை மேசைமேல் வைத்தார். அவர் பேனாவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாயா வரவழைத்து, நல்லபடியாக நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார். எனக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் சொல்லியாக வேண்டும்.

வந்தவரும் அந்தப் பேனாவைக் கவனித்திருக்க வேண்டும்.

"சார், நான் இப்ப சொன்னது சரியில்ல. வேலை கேட்டு வர்ற எல்லாரும் சொல்றதுதான் அது. உங்க மனசுல என்ன சந்தேகம் இருக்கோ அத வெளிப்படையா கேளுங்க. எனக்கு வருத்தமில்ல. உங்க இடத்துல நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்."

முதலாளி பேனாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு கேட்டார்: "இதுக்கு முந்தி ஒரு எம்.எஸ்சி. பையன் வந்தான். ஓணத்துக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவேயில்ல. நீங்களும் வேற நல்ல எடம் கெடைக்கிற வரைக்கும் இங்க சும்மா இருக்கலாம்னு வந்தீங்களா?"

"நல்ல எடம் கெடச்சுது சார். கம்பெனியிலயே இன்னொரு பிரமோஷன் குடுத்து மும்பைக்குப் போகச் சொன்னாங்க. வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன். அங்க என்னோட மேலதிகாரி நம்பர் விண்ணப்பத்துல இருக்கு, நீங்க கேக்கலாம்."

"எதுக்கு வேண்டாம்னு சொன்னீங்க?"

"நான் இந்தப் படிப்புக்கு வந்தது சாமானத்தக் கையில எடுத்துப் பாக்குற ஆசையில சார். மேல போகப்போக கையில ஒண்ணுமே வரல. காலைல மீட்டிங், மத்தியானம் மீட்டிங். ஒரு நாள் லேப்ல நின்னு ஈரம் பாக்கப் போனேன். அங்க இருந்த பொண்ணு பயந்து போயி, மேடம் நீங்க ஏன் செய்றீங்கன்னு கேட்டா. எனக்கு அப்பத் தெரிஞ்சுது, இனி அங்க எனக்குக் கைவேலை கெடையாதுன்னு. உங்க விளம்பரத்துல மாதிரி எடுக்கணும், பரிசோதிக்கணும், பதிவு பண்ணணும்னு மூணுதான் இருந்துச்சு. அந்த மூணும்தான் எனக்கு வேணும்."

பழைய இடத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. தன் படிப்பையும் மறைக்கவில்லை, குறைத்தும் பேசவில்லை. சம்பளம் குறைவு என்று முதலாளி சொன்னபோது, வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகவும், பிறகு கூட்டித் தரச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னார்.

"அப்போ எத்தன காலம் இருப்பீங்க?"

"ஆயுசு முழுக்க இருப்பேன்னு சொன்னா அது பொய். ரெண்டு மூணு சீசன் கண்டிப்பா இருக்கணும்னு நெனைக்கிறேன். எப்பப் போனாலும் மிளகு வர்ற சமயத்துல போக மாட்டேன், எனக்குப் பதிலா ஒரு ஆளப் பழக்காம போக மாட்டேன். இது எழுதித் தரக்கூடிய வாக்கு."

முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "இவளுக்குக் கீழயாக்கும் வேலை. டிப்ளமாதான். வயசும் உங்களவிட ரொம்பக் கொறச்சல். மோளே, நீ ஏதாவது கேக்கணுமா?"

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"உங்களுக்கு என்னோட வேலை வேணுமா?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவரை முதலாளியிடம் பேசியதுபோலவே என்னிடமும் பேசினார்.

"வேண்டாம். ஆள் பாக்குறது, வேலை பிரிக்கிறது, மேல பதில் சொல்றது. உங்க வேலையத்தான் நான் விட்டுட்டு வந்திருக்கேன்."

முதலாளி சிரித்துவிட்டார். நானும்தான். அவர் மட்டும் சிரிக்காமல் தொடர்ந்தார்: "ஒரு விஷயத்துல எனக்கு வேற மாதிரி தோணினா உங்ககிட்ட தனியாச் சொல்லுவேன். அப்புறம் நீங்க என்ன முடிவு பண்றீங்களோ அதுதான். இங்க எப்படிச் செய்றீங்கங்கறத மொதல்ல நான் கத்துக்கணும்."

எல்லோருக்கும் உள்ள சோதனைக் காலம்தான் அவருக்கும் என்று முடிவாயிற்று. முதலாளி அந்தப் பழைய மேலதிகாரிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார். நான் மட்டும் முழுதாக நம்பவில்லை. நேர்காணலில் யார்தான் நன்றாகப் பேசமாட்டார்கள்?

முதல் வாரங்களில் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்தூசி பிடித்து அவர் கை சிவந்து போயிருந்தது. லோடு இறக்கும் சேட்டன்மாரிடம் எந்த அடுக்கிலிருந்து எடுக்கலாம் என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். நான் அவரை அக்கா என்ற உரிமையில் சேச்சி என்று கூப்பிடத் தொடங்கினேன்.

சோதனைக் காலம் முடியுமுன் வெளிநாட்டு வாங்குவோர் சார்பில் எங்கள் பரிசோதனை முறைகளைச் சரிபார்க்க ஒரு தணிக்கையாளர் வந்தார். வாசலில் சேச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். களமசேரியில் சேச்சியின் கீழ் வேலை பார்த்தவராம்.

"மேடம்! நீங்க இங்கயா?" என்றவர், என்னைத் தாண்டிப் போய் கேள்விகளை எல்லாம் அவரிடமே கேட்க ஆரம்பித்தார். நான் சுவரோரம் நின்றேன். முதலாளி கதவருகில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேச்சி கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார். "இந்த அறைக்குப் பொறுப்பு இவங்க. எதை எப்படிச் செய்யணும்னு முடிவு பண்றது இவங்க. நான் மாதிரி எடுக்கிறவ. எடுத்தது எப்படின்னு கேட்டா நான் சொல்றேன், மத்ததெல்லாம் இவங்ககிட்டக் கேளுங்க."

அதில் தாழ்வும் இல்லை, நடிப்பும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று வழி சொல்வதுபோலச் சொன்னார். தணிக்கையாளர் என் பக்கம் திரும்பினார். கடைசிவரை நான்தான் பதில் சொன்னேன். சேச்சி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலை படகுத்துறை வரை சேர்ந்து நடந்தோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சேச்சி, அந்த ஆள் உங்க கீழ இருந்தவர். கஷ்டமா இல்லியா?"

"இருந்துச்சு," என்றார் உடனே. "அவன் 'நீங்க இங்கயா'ன்னு கேட்டப்போ ஒரு நிமிஷம் வலிச்சுது. வலிக்காதுன்னு நெனச்சு வரல மோளே. அது வந்துட்டுப் போகும்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

என் மனதில் இருந்த கடைசிச் சந்தேகம் அந்த இடத்தில் போயிற்று. வலிக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மறுநாள் முதலாளி கேட்பதற்கு முன்பே, இவரை நிரந்தரமாக்குங்கள் என்று நானே போய்ச் சொன்னேன்.

அன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே படகு வந்தது. ஏறப்போனவர் திரும்பிக் கேட்டார்: "நாளைக்கு ஏலக்காய் லோடு சீக்கிரம் வருதே, நான் கொஞ்சம் முன்னாடியே வரட்டுமா?"

"வாங்க சேச்சி," என்றேன்.