சுவிட்சைப் போட்டவர் யார்

கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசைத்தறியில் என் மச்சானின் இரண்டு விரல்கள் நசுங்கின. பார்த்தவன் நான் மட்டும்தான். இன்சூரன்ஸ்காரர்கள் என் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் கேட்டார்கள். தவறு அவனுடையது என்றால் ஒன்றும் கிடைக்காதாம். நான் தமிழில் எழுதியதை எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஆங்கிலத்தில் மாற்றி அடித்துத் தரும் டைப்பிங் கடைக்குப் போனேன்.

"தறியை நிறுத்தி, அறுந்த நூலை முடிய உள்ளே கையை விட்டு, சுவிட்சைப் போட்டதும் விரல் மாட்டி நசுங்கிவிட்டது" என்று ஒரே வரியாக எழுதியிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, ரயிலாட்டம் நீளுதுங்க. இங்கிலீஷ்ல நாலா வெட்டோணும்" என்றார் கடைக்காரப் பெண். அடித்து முடித்ததும், ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக் காட்டுவது அவர் வழக்கம்.

"அவர் தறியை நிறுத்தினார். நூலை முடிய உள்ளே கையை விட்டார். அவரே சுவிட்சைப் போட்டார். விரல் நசுங்கியது. சரிங்களா?"

பின்னால் நாலு பேர் காத்து நின்றார்கள். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"மூணாவது அவனில்லீங்க."

"அப்ப யாருங்க? இங்கிலீஷ்ல ஆளு இல்லாம வரியை முடிக்க முடியாதுங்க. யாரோன்னு நானா எழுதுனா, நீங்க சொல்லாததைச் சொன்னதாயிருமுங்க."

"நானுங்க. கை உள்ளே இருக்கறதைப் பாக்காம போட்டுப்போட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியே எழுதீறட்டுங்களா?"

"எழுதுங்க."

வாக்குமூலம் இன்சூரன்ஸுக்குப் போய்விட்டது. தறி முழுசாக நிற்குமுன் கையை விட்டுவிட்டதாக நினைத்து, மச்சான் இன்னும் தன்னுடைய அவசரத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அவனே இதைப் படித்துக்கொள்ளட்டும் என்று, தறி ஓடாத இந்த ஆடிப் பதினெட்டு அன்று எழுதி வைத்தேன்.